பொருளாளர் நாற்காலியும் ஓர் அபராத மனுவும்

தண்டையார்பேட்டையில், கொள்கலன் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பெருஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்களாகிய நாங்கள் மரண உதவிச் சங்கம் ஒன்றை நடத்தி வருகிறோம். உறுப்பினர் ஒருவர் காலமானால் அவருடைய குடும்பத்துக்கு உடனடியாக ஒரு தொகை, அடக்கத்துக்குரிய பாடை, பந்தல், நாற்காலி ஆகிய உதவிகள். இவையே எங்கள் பணி. நான் அதன் செயலாளன். பள்ளிப் படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எஞ்சியதைச் சங்கத்துக்கு வரும் நாளிதழ்களிடமும் அரசாங்கக் கடிதங்களிடமும் கற்றுக்கொண்டேன். ஆகையால் மனு எழுதும் வேலை எப்போதும் என் தலையிலேயே விழும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய வருட நினைவுநாள் கழியும்வரை அந்த நாற்காலியில் வேறெவரும் உட்கார மாட்டார்கள். அவர் போட வேண்டிய கையெழுத்தை வேறெவரும் போட மாட்டார்கள். நாற்காலிக்கு ஒரு மாலை, மாலை காய்ந்தால் புது மாலை. தொடங்கியவர் யாரென்று தெரியாது. சங்க விதிகளில் எழுதப்பட்டதும் இல்லை. ஆயினும் எழுதப்பட்ட விதிகளைவிட அதையே நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தோம்.

எங்கள் பொருளாளர் ஓர் ஐப்பசி மாதத்தில் வாதம் கண்டு ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வலது கையும் வாயும் விழுந்துவிட்டன. கார்த்திகை பிறந்து சில நாட்களில் மறைந்தார். எனக்கு அவர் கப்பல் தளத்தில் தோளோடு தோள் நின்றவர். கணக்கில் ஒரு ரூபாய் கூடுதலாக வந்தாலும், குறைந்தது போலவே பதறுகிறவர்.

அவர் நோயுறுவதற்குச் சற்று முன்னர்தான் சங்கக் கூடத்தின் கூரையை மாற்றியிருந்தோம். அந்த வேலையைச் செய்தவர் வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பாய் ஒருவர். பதிவு பெற்ற சங்கம் ஒப்பந்தக்காரருக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பணம் கொடுத்தால், அதில் சிறு பங்கை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். பொருளாளர் அதற்குரிய எண் வாங்கி, பாய்க்கு ஆவணியில் கொடுத்த காசோலையில் வரியைப் பிடித்து, கெடு நாளுக்கு முன்பே வங்கியில் சலான் கட்டி முடித்துவிட்டார். ஆனால் அத்தோடு கடமை தீர்வதில்லை. யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று காலாண்டு அறிக்கை ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலாண்டுக்குக் கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று. அன்று பொருளாளர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அறிக்கையோடு தரும் தாளில் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு அந்தக் கையெழுத்துக்கு உரியவரே இல்லை. நாற்காலியில் மாலைதான் இருந்தது.

அடுத்த ஆடி மாதத்தில் பாய் ஒருநாள் சங்கத்துக்கு வந்தார். அவர் தமது வருமான வரிக் கணக்கைப் பார்த்தபோது, நாங்கள் பிடித்த வரி அவர் பெயரில் ஏறவில்லை. அதைக் கேட்கவே வந்திருக்கிறார். மாலை போட்ட நாற்காலியைப் பார்த்ததும் கேட்கவில்லை. டீ குடித்தார், கூரை ஒழுகுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தார், போய்விட்டார். வருட நினைவுநாள் கழிந்து புதுப் பொருளாளர் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே எனக்கு இது தெரிய வந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்?” என்றேன்.

“சொன்னா நீங்க அந்த மாலைய எடுக்கணும். ஒரு மௌத்து வூட்ல போய் இத கேக்கறதா, அண்ணே? வருஷம் திரும்பட்டும்னு வுட்டேன்.”

அவருக்கு வர வேண்டிய சலுகை வராமல், அந்த வரியை அவர் தம் கைப்பணத்திலிருந்தே மறுபடி கட்டியிருந்தார். அதையும் நானாகக் கேட்ட பிறகே சொன்னார்.

உடனே திருவொற்றியூரில் வரி ஆலோசகராக இருக்கும் அம்மையார் ஒருவரை அணுகினோம். ஆடிட்டரம்மா என்று அழைப்போம். அவர் அறிக்கையைத் தயாரித்து, புதுப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கி, தாமதக் கட்டணத்தையும் கட்டச் செய்து தாக்கல் செய்தார். அந்தக் கட்டணம் நாளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போய், பிடித்த வரியின் அளவை எட்டியதும் நிற்பது. எங்களுடையது சிறிய வரியாதலால் கட்டணமும் சிறியதாகவே நின்றது. இதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

பங்குனியில் வருமான வரி அலுவலகத்தின் அறிவிப்பு வந்தது. அறிக்கை ஓராண்டுக்கு மேல் தாமதமானதால் ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆடிட்டரம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஐயா, அப்போ இருந்த சட்டப்படி, வரியும் கட்டணமும் கட்டி, கெடு தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள அறிக்கை குடுத்திருந்தா இந்த அபராதமே கிடையாது. நீங்க சரியா அந்த ஒரு வருஷத்த தாண்டிட்டீங்க.”

“வருட நினைவுநாள் கார்த்திகையில் அல்லவா வந்தது, அம்மா” என்றேன்.

“அதான் சொல்றேன். உங்க வழக்கத்துக்கும் ஒரு வருஷம், சட்டத்துக்கும் ஒரு வருஷம். அவங்களோடது அக்டோபர்ல முடியுது. உங்களோடது நவம்பர்ல முடியுது.”

அபராதம் குறைந்தது பத்தாயிரம். அதற்கு மேலும் போகலாம். சங்கத்துக்கு அது தாங்க முடியாத தொகையன்று. ஆனால் வேறொரு இக்கட்டு இருந்தது. பொறுப்பில் இருந்தவர் இறந்தால், அவர் காலத்துக் கணக்கைப் பொதுக்குழு ஒப்புக்கொண்ட பின்னரே அவர் குடும்பத்துக்குரிய உதவித் தொகை வழங்கப்படும். பொருளாளருடைய மனைவியார் அதற்காகக் காத்திருந்தார். பொதுக்குழு கூடவிருந்த சமயத்தில்தான் இந்த அறிவிப்பு வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் நெட்டுக்குப்பத்துத் தோழர். துறைமுகத்தில் சுமை தூக்கும் விஞ்ச் இயக்கியவர். அவர் பேசினால் மைக் தேவையில்லை.

“தண்டம் யாரால வந்துச்சு? கணக்கு பாத்த ஆளால. அந்த ஆளு துட்டுல கழிச்சுக்கினு மிச்சத்த குடுங்க. சங்கத்துக்கு இன்னாத்துக்கு நஷ்டம்?”

“அவர் படுத்த படுக்கையில கெடந்தார்யா” என்றார் ஒருவர்.

“படுக்கறதுக்கு மின்னாடி செஞ்சிருக்கலாம்ல? நம்ம துட்டு, நைனா, ஊரான் வூட்டு துட்டா?”

அவரை நான் குறை கூற மாட்டேன். மாதச் சந்தாவைக் கட்டுவதற்கு மீன்கூடை சுமக்கும் மனைவியிடம் கையேந்துகிறவர் அவர். பலரும் தலையசைத்தனர். இறுதியில், அபராதம் தள்ளுபடியானால் முழுத்தொகை தருவது, தள்ளுபடியாகாவிட்டால் கழித்துக்கொண்டு தருவது என்று முடிவாயிற்று. அதாவது, இறந்தவர் தவறு செய்தாரா இல்லையா என்பதை வரி அலுவலகமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். மறைந்தவரின் பண்பு, சங்கத்தின் தொண்டு, நாற்காலி வழக்கத்தின் மேன்மை அனைத்தும் அதில் இருந்தன. ஆடிட்டரம்மா பொறுமையாகப் படித்தார்.

“தமிழ் ரொம்ப நல்லா இருக்கு, ஐயா. ஆனா ஆபீசர் தேடறது இதுல இல்ல. தாமதம் எத்தன நாளோ, அத்தன நாளுக்கும் காரணம் வேணும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு காகிதம் வேணும். நடுவுல ஓட்ட இருந்தா மொத்தமும் போச்சு.”

தாமதக் கட்டணத்தைத் தள்ளும்படி கேட்க வேண்டாம், அதை எந்த அதிகாரியும் தள்ள இயலாது என்றார். அபராதத்துக்கு மட்டும், நியாயமான காரணம் காட்டினால் விலக்களிக்க 273-பி என்ற பிரிவு இடம் தருகிறது. பிறகு என் எட்டுப் பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கினார். வெட்டுப்பட்ட வாக்கியங்களுக்காக முதலில் வருந்தினேன். ஆனால் மறுமுறை படித்தபோது, என் நண்பர் அந்த ஒன்றரைப் பக்கத்தில் எட்டுப் பக்கத்தில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தார்.

தாமதமான காலத்தை ஆடிட்டரம்மா மூன்றாகப் பிரித்தார். முதலாவது, கெடு நாளிலிருந்து மரணம்வரை. அதற்கு மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டும் இறப்புச் சான்றிதழும். மூன்றாவது, நினைவுநாளிலிருந்து தாக்கல் செய்த நாள்வரை. அதற்குப் புதுப் பொருளாளரைத் தேர்ந்த தீர்மானமும், வங்கி கையெழுத்தை மாற்றித் தந்த கடிதமும். இரண்டுக்கும் நடுவே கிடந்தது அந்த ஓராண்டு. அதற்குக் காகிதமே இல்லை.

இதைக் கேட்ட நெட்டுக்குப்பத்துத் தோழர் ஒரு வழி சொன்னார்.

“மழத்தண்ணி பூந்து கணக்கெல்லாம் ஊறிப்போச்சுன்னு எழுது. நம்ம பக்கம் தண்ணி பூராத வருஷம் எது? யாரு வந்து கேக்கப் போறான்?”

தண்ணீர் வருடந்தோறும் வருவது உண்மைதான். எனக்கும் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மருத்துவச் சீட்டைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போக எழுந்த பொருளாளருடைய மனைவியார் அதைக் கேட்டு நின்றார்.

“அண்ணே, அவுரு கணக்கு தண்ணில ஊறல. வூட்ல பொட்டில பத்திரமா கீது. ஊறிச்சுன்னு எழுதி வர்ற துட்டு எனக்கு வேணாம். கழிச்சுக்கினே குடுங்க.”

மழை மனுவில் இடம்பெறவில்லை. வழக்கத்தை உள்ளது உள்ளபடி மூன்று வரியில் எழுதினோம். வரி உரிய காலத்தில் அரசுக்குச் சேர்ந்துவிட்டது, அரசுக்கு இழப்பில்லை என்பதற்குச் சலான் நகலை வைத்தோம். பாய் தாமாகவே ஒரு கடிதம் தந்தார்: அறிக்கை தாக்கலான பிறகு தமது கணக்கில் வரி ஏறிவிட்டது, தமது கணக்கைத் திருத்தக் கோரி விண்ணப்பித்துவிட்டார், சங்கத்தின் மீது தமக்கு எக்குறையும் இல்லை. அதைத் தட்டச்சு செய்த கூலியைக்கூட வாங்க மறுத்தார்.

சலான் தொகை எங்கள் கணக்கிலிருந்து போனதைக் காட்ட, வங்கிக் கணக்குப் பட்டியல் வேண்டும் என்றார் ஆடிட்டரம்மா. நான் வங்கிக்குப் போய் அந்த ஒரு மாதத்துப் பட்டியலைக் கேட்டேன். முகப்பில் இருந்த பெண், “ஒரு மாசம் எடுக்கறதும் ஒண்ணுதான், ரெண்டு வருஷம் எடுக்கறதும் ஒண்ணுதான் தாத்தா. முழுசா தரேன், வெச்சுக்கோங்க. திரும்பி அலைய வேணாம்” என்று சொல்லி, முழுவதையும் அச்சிட்டு முத்திரை குத்தித் தந்தார். எங்கள் மனுவுக்கு அவர் செய்த உதவி இன்னதென்று அவருக்கு அன்று தெரியாது, எனக்கும் தெரியாது.

மனுவைப் பார்த்துக் குறித்த விசாரணை நாளன்று நுங்கம்பாக்கத்து வருமான வரி அலுவலகத்துக்கு ஆடிட்டரம்மாவும் நானும் புறப்பட்டோம். நெட்டுக்குப்பத்துத் தோழர் சலவைச் சட்டையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

“நானும் வரேன். இன்னா கேக்கறாங்கோ, நீ இன்னா சொல்றேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, பாத்த ஆளு ஒருத்தன் வேணாமா?”

“பேசாமல் இருப்பதானால் வாரும்.”

“நான் என்னிக்கு பேசியிருக்கேன்?”

அதிகாரி வடக்கே பிறந்தவர். இங்கே வந்து தமிழ் கற்றிருந்தார். படித்துக் கற்றதால் அவர் தமிழ் என் தமிழைப் போலவே சற்று விறைப்பாக இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். ஆடிட்டரம்மா சங்கம் அவருக்குத் தந்திருந்த அதிகாரக் கடிதத்தை முதலில் கொடுத்தார். அதிகாரி மருத்துவச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், தீர்மானம் என்று ஒவ்வொன்றாகத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நடுவில் உள்ள ஆண்டுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

“பெரியவரே, இறந்தவருக்கு மரியாதை செய்வது நல்லது. ஆனால் ஒரு சந்தேகம். இது மரண உதவிச் சங்கம். அந்த ஆண்டில் உங்கள் உறுப்பினர் வேறு யாரும் இறக்கவில்லையா?”

“இருவர் இறந்தார்கள், ஐயா.”

“அவர்களுக்குப் பணம் கொடுத்தீர்களா?”

“கொடுத்தோம்.”

“காசோலைக்கு ஒருவர் கையெழுத்துப் போட முடிந்தது என்றால், இந்த அறிக்கைக்கும் போட்டிருக்கலாமே. வழக்கம் எங்கள் அலுவலகத்துக்கு மட்டும்தானா?”

கேள்வி நேர்மையானது. அதில் ஏளனம் இல்லை. எட்டுப் பக்கம் எழுதிய நான் காகிதக் கட்டைப் புரட்டி விடை தேடினேன். எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“சார், செக்கு எங்க சார் போட்டோம்? துண்ட ஏந்திகினு நான்தான் வூடு வூடா போனேன்! நெட்டுக்குப்பம், எர்ணாவூரு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, அல்லாம் ஏறி எறங்கி, அம்பதும் நூறும் வாங்கியாந்து, பொணம் எடுக்கறதுக்குள்ள அந்தம்மா கையில குடுத்தோம். சங்கத்து துட்ட ஒரு பைசா தொடல. தொட்டா அவரு கையெழுத்து வேணும். அவரு இல்ல. முட்டி இன்னும் வலிக்குது சார்!”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. “இதற்குக் காகிதம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்.

ஆடிட்டரம்மா சலானுக்காக வைத்திருந்த வங்கிப் பட்டியலை எடுத்துப் பிரித்து அவர் முன் வைத்தார். ஐப்பசிக்கு முன்புவரை பற்றும் வரவுமாக நெருக்கியடித்த வரிகள். அதற்குப் பின் ஓர் ஆண்டு முழுவதும் வங்கி தானாகவே சேர்த்த வட்டியைத் தவிர எதுவும் இல்லை; ரசீதில் கையெழுத்திட ஆளில்லாததால் சந்தாகூட அந்த ஆண்டு வாங்கவில்லை. ஒரு காசோலை இல்லை. ஒரு ரூபாய் எடுக்கப்படவில்லை. அடுத்த மார்கழியில், கையெழுத்து மாறிய பிறகு, மீண்டும் வரிகள் தொடங்கின. அதிகாரி தாளை முன்னும் பின்னும் புரட்டினார். இரண்டு உறுப்பினர்களின் இறப்புச் சான்றிதழ் நகல்களையும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம்.

“பணம் சங்கத்தில் இருக்கும்போதே துண்டு ஏந்தினீர்களா?” என்று அவர் தோழரைப் பார்த்துக் கேட்டார்.

“வேற இன்னா சார் பண்றது? அவரு நாற்காலி அது.”

அவர் பட்டியலை மடித்து வைத்தார். பின்னர் என்னிடம், வழக்கம் என்பது சட்டத்துக்கு எப்போதும் விடையாகாது என்றும், அடுத்த முறை இதே காரணத்தோடு வந்தால் கேட்க மாட்டார் என்றும், பொறுப்பாளர் இல்லாதபோது கையெழுத்திட ஒருவரை விதியிலேயே குறித்து வைக்கும்படியும் சொன்னார். ஆணை பின்னர் வரும் என்றார். முடிவு இன்னதென்று முகத்திலும் காட்டவில்லை. எழுந்தபோது தோழருக்கு மூட்டு பிடித்துக்கொள்ள, அதிகாரி தம் நாற்காலியைவிட்டு எட்டி அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவ்வளவே.

திரும்பும் வழியில் தோழர், “ரொம்ப பேஜார் பண்ணிட்டேனா?” என்று ஆடிட்டரம்மாவைக் கேட்டார்.

“நீங்க பேசலைன்னா அந்த பேப்பர அப்படி பாக்கணும்னு எனக்கே தோணியிருக்காது” என்றார் அந்த அம்மையார். ஒரு கணக்கு வல்லுநர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். எங்களிடம் அவர் வாங்கிய கட்டணமும், சந்தா கட்டும் எங்கள் நிலையைப் பார்த்துக் குறைத்து வாங்கிய கட்டணம்தான்.

சில வாரங்கள் சென்று ஆணை வந்தது. முதலில் ஆடிட்டரம்மாவின் கணினிக்கு, பின்னர் தபாலில் சங்கத்துக்கு. ஆங்கிலத்தில் இருந்தது. ஆடிட்டரம்மா பொருள் சொல்லித் தந்தபடி பொதுக்குழுவில் அதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வரி உரிய காலத்தில் செலுத்தப்பட்டது. பொறுப்பாளர் நோயுற்று மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் சங்கம் தன் சொந்தப் பணத்தையே எடுக்காமல் இருந்தது வங்கிப் பட்டியலால் தெரிகிறது. தாமதம் வேண்டுமென்று செய்ததன்று. நியாயமான காரணம் இருந்ததாக ஏற்று, அபராத நடவடிக்கை கைவிடப்படுகிறது.

“அப்ப அவரு மேல தப்பு இல்ல” என்றார் பொருளாளருடைய மனைவியார். கேள்வியாகச் சொன்னாரா, எங்களுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

“இல்லம்மா. கவர்மெண்டே எழுதிக் குட்த்துட்டான்” என்றார் நெட்டுக்குப்பத்துத் தோழர். முழுத் தொகைக்கான காசோலையை அவர் கையாலேயே கொடுக்கச் செய்தோம். அந்த அம்மையார் ஆணையின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பெட்டியில் கணக்குகளோடு வைக்க வேண்டுமாம்.

அதே கூட்டத்தில் விதியையும் திருத்தினோம். பொறுப்பில் இருப்பவர் மறைந்தால், மறுநாள் முதலே துணைப் பொறுப்பாளர் கையெழுத்திடுவார். அப்படியானால் நாற்காலி? நீண்ட வாதம் நடந்தது. தோழர் வெளியே போய், டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிவந்து பொருளாளர் மேசையருகே போட்டார்.

“நாற்காலிக்கு மாலை போடு, வருஷம் திரும்பறமுட்டும் இருக்கட்டும். கையெழுத்து போடற ஆளு இதுல குந்தட்டும்.”

ஒருவரும் எதிர்க்கவில்லை. அந்த முக்காலி இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. டீக்கடைக்காரர் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் இவ்விடத்தில் என் நன்றியை எழுதி வைக்கிறேன். முகப்பில் இருந்த வங்கிப் பெண்ணுக்கும், பாய்க்கும், ஆடிட்டரம்மாவுக்கும், தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த அந்த அதிகாரிக்கும் எழுதுவதைப் போலவே.